கத்துற நெஞ்சும் கமுக்கமான நெஞ்சும்

பேராண்டி, உன் கையில கட்டியிருக்கிற கடிகாரம் மணி காட்டுமா காட்டாதான்னு எனக்குத் தெரியாது. நேத்து ராத்திரி முழுக்க நீ அதுல மணி பார்த்த மாதிரி தெரியல, நாடியத்தான் பார்த்துக்கிட்டிருந்த. மொதல்ல 112-ன்ன. அப்பத்தா கஞ்சியோட வந்தப்ப 118-ன்ன. கஞ்சியைத் தள்ளி வச்சிட்டு மறுபடி பார்த்து 128-ன்ன. அதுக்கப்புறம் நெஞ்சு இறுக்குது, விரல் மரக்குது, உதட்டைச் சுத்தி எறும்பு ஊருது, ஐயா நான் போயிடுவேன்னு ஒரு அறிவிப்பு. அதைக் கேட்டு உன் அப்பத்தா மஞ்சத்துணியில காசு முடிய ஆரம்பிச்சுட்டா. குலதெய்வத்துக்கு ஒரு கிடா கடன் ஆயிப்போச்சு. அந்தக் கிடாவுக்கு நீதான் பொறுப்பு.

நான் டாக்டர் இல்ல. தாலுகா ஆஸ்பத்திரியில மாத்திரை எண்ணிக் கொடுத்த கம்பவுண்டர். ஆனா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தவங்களையும் பார்த்திருக்கேன், நெஞ்சைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம பெஞ்சுல சாஞ்சவங்களையும் பார்த்திருக்கேன். காய்ச்சல் இறங்கி உனக்கு இப்ப வாய் திரும்பிடுச்சு, நேத்து குடிக்க மறுத்த கஞ்சியை இன்னைக்கு ரெண்டு தடவை கேட்டு வாங்குற. அதனால இப்ப சொன்னா ஏறும்.

மொதல்ல அந்த 112-க்கு ஒரு கணக்கு எழுதுவோம். உடம்பு நல்லா இருக்கிறப்ப உன் நாடி 76. சும்மா உட்கார்ந்திருக்கிற பெரியவங்களுக்கு 60-லருந்து 100 வரைக்கும் இருக்கலாம்கிறது எல்லா டாக்டரும் சொல்றதுதான். நேத்து உனக்குக் காய்ச்சல் 102. சாதாரணத்தைவிட செல்சியஸ்ல ரெண்டு டிகிரி கூட. ஒரு டிகிரி ஏறினா நாடி ஏறக்குறைய பத்து ஏறும். அப்ப 76-ம் 20-ம் 96. காய்ச்சல் மட்டுமே உன்னை அங்க கொண்டுபோய் விட்டுடுச்சு.

மீதி 16 எங்கருந்து வந்துச்சு? ரெண்டு நாளா நீ தண்ணி குடிக்கல. வாய் கசக்குதுன்ன. வேர்த்துப் போனது போக, மூத்திரம் அடர் மஞ்சளா கொஞ்சூண்டு வந்துச்சு. உடம்புல தண்ணி குறைஞ்சா ஓடுற ரத்தத்தோட அளவு குறையும், ஒவ்வொரு துடிப்புலயும் இதயம் தள்ளுற ரத்தம் குறையும். கிணத்துல ஊத்து குறைஞ்சா மோட்டாரு கூடுதலா ஓடித்தானே அதே வயலுக்குப் பாய்ச்சணும்? இதயமும் அதைத்தான் செய்யுது. அது கெட்டுப்போய் ஓடல, கடமைக்கு ஓடுது. போதாக்குறைக்கு மெடிக்கல் கடையில நீயா கேட்டு வாங்கின இருமல் சிரப்பு. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், சால்பியூட்டமால் கலந்தது. மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து, நல்ல மருந்துதான். ஆனா நெஞ்சைப் படபடக்க வைக்கும், கையை நடுங்க வைக்கும். நீயோ மூடியில அளக்காம அண்ணாந்து குடிச்சிருக்க. அதுக்கு மேல தலைவலிக்குன்னு ரெண்டு டம்ளர் கடுங்காப்பி. 112 வராம என்ன செய்யும்?

அந்த 112 நோயோட நாடி. அதுக்கு மேல ஏறின 16 உன் சொந்தச் சம்பாத்தியம்.

எப்படிச் சம்பாதிச்சேன்னு கேளு. எண்ணைப் பார்த்த, பயந்த. பயந்தா உடம்பு அட்ரினலினை அவுத்துவிடும், நாடி இன்னும் ஏறும். ஏறின எண்ணை மறுபடி பார்த்த. கூடவே மூச்சை வேக வேகமா இழுத்த. இங்கதான் விசயம் இருக்கு. மூச்சு போதலன்னு நினைச்சு நீ இழுத்த. போதாம இல்ல, அளவுக்கு மீறிப்போச்சு. வேகமா இழுத்து விட்டா ரத்தத்துல இருக்க வேண்டிய கரியமில வாயு வெளிய போயிடும். அது குறைஞ்சா உதட்டைச் சுத்தியும் விரல் நுனியிலயும் மரமரன்னு வரும், தலை கிறுகிறுக்கும், சிலருக்கு விரலே இழுத்துக்கிட்டு நிக்கும். விலா எலும்புக்கு நடுவுல இருக்கிற தசை ஓயாம வேலை பார்த்து இறுகும். அதைத்தான் நெஞ்சு இறுக்குதுன்ன. பொய் சொன்னன்னு நான் சொல்லல. இறுக்கினது நிசம், வலிச்சது நிசம். ஆனா இறுக்கினது இதயம் இல்ல.

என்ன செஞ்சேன்னு உனக்கு ஞாபகம் இருக்கோ என்னவோ. கடிகாரத்தைக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள போட்டேன். உன்னை நிமிர்த்தி உட்கார வச்சு, உன் கையை உன் வயித்து மேல வச்சேன். மூக்கால நாலு எண்ணுற வரைக்கும் உள்ள, வாயைக் குவிச்சு ஆறு எண்ணுற வரைக்கும் வெளிய. வயிறு எழும்பி இறங்கணும், தோள்பட்டை எழும்பக் கூடாது. மொத நாலஞ்சு மூச்சுக்கு என்னைக் கெட்ட வார்த்தையில திட்டின, அதுவும் நல்ல அறிகுறிதான்; திட்டுறதுக்கும் மூச்சு வேணும்ல. சினிமாவுல காகிதப் பைக்குள்ள மூச்சு விடுவாங்களே, அதை மட்டும் செஞ்சுறாதே. நிசமாவே இதயத்துலயோ நுரையீரல்லயோ கோளாறு இருந்தா, இருக்கிற ஆக்சிஜனையும் அது குறைச்சிடும்.

இந்தப் பயப் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிசத்துல உச்சிக்குப் போயிட்டு, அரைமணியில படியும். உனக்கும் அப்படித்தான் படிஞ்சுது. அதுக்கப்புறம் பாராசிட்டமால் 650 ஒண்ணு, உப்புக்கரைசல் ரெண்டு டம்ளர். ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா காய்ச்சல் 100-க்கு வந்திருந்துச்சு, நாடி 94. நான் தேடினது இதைத்தான் பேராண்டி. எத்தனைன்னு பார்க்கிறதைவிட, காய்ச்சலோட கையைப் பிடிச்சுக்கிட்டு நாடியும் கூடவே இறங்குதான்னு பார்க்கணும். தண்ணி உள்ள போயி, காய்ச்சலும் இறங்கி, நாடியும் இறங்கினா அது வீட்டுக்குள்ள நடந்த சண்டை. தீர்ந்துச்சு.

இறங்கலன்னா? அங்க என் நையாண்டியை நிறுத்திக்குவேன். உன் வயசுக்காரனுக்கும் விசக்காய்ச்சல் இதயத் தசையில போய் உட்கார்ந்துக்கிற வழக்கம் உண்டு. அடிக்கடி வராது, ஆனா வரும். காய்ச்சல் விட்டும் படுத்த நிலையில நாடி 110, 120-ன்னு நிக்கும், வீட்டுக்குள்ள நடந்தாலே மேல்மூச்சு வாங்கும், மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டும், காலு வீங்கும். இன்னொண்ணு டெங்கு. அதுல காய்ச்சல் விடுற நேரந்தான் கண்டம். மூணாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவுல காய்ச்சல் சடார்னு இறங்கும், வீட்டுல எல்லாரும் சாமிக்கு விளக்கேத்துவாங்க. அந்த நேரத்துல நாடி மெலிஞ்சு வேகமா ஓடி, கை கால் சில்லிட்டு, வயித்துவலியும் ஓயாத வாந்தியும் இருந்தா ரத்தத்தோட நீர் குழாயை விட்டு வெளிய கசியுதுன்னு அர்த்தம். அவனைப் பார்த்து "பயப்படாதடா, மூச்சை இழுத்து விடு"ன்னு சொன்னா அது புத்திமதி இல்ல, கொலை. அப்புறம், ஏதோ சுவிட்சைத் தட்டின கணக்கா சட்டுனு 180-க்குத் தாவி, அதே மாதிரி சட்டுனு நிக்கிற படபடப்பு ஒண்ணு இருக்கு. பயத்துல வர்றது படிப்படியா ஏறி, படிப்படியா இறங்கும். தாவுறதுக்கு, தாவுற நேரத்துலயே ஒரு ஈசிஜி எடுத்துடணும்.

இப்ப நம்ம மேலத்தெரு பால்க்காரர் கதைக்கு வருவோம். உனக்குச் சித்தப்பா முறை. வயசு 58, சக்கரை ரொம்ப நாளா உண்டு, பீடி அதைவிட ரொம்ப நாளா உண்டு. உனக்கு வந்த அதே சளிக்காய்ச்சல்தான் போன மாசம் அவர் வீட்டுலயும் வரிசையா எல்லாரையும் படுக்க வச்சுது. நாலாம் நாள் காலையில அவர் எந்திரிச்சு உட்கார்ந்தவர், மேல்வயித்துல கல்லை வச்ச மாதிரி இருக்குன்னாராம். வாயுன்னுட்டார். வீட்டம்மா ஓமத்தண்ணி வச்சுக் குடுத்திருக்கு. ஒரு ஏப்பம் வந்திருக்கு. ஆங், விட்டுடுச்சுன்னு சட்டையை மாட்டிக்கிட்டு டீக்கடைக்குக் கிளம்பிட்டார்.

அந்த ஏப்பத்தைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல மாரடைப்புல யாரும் செத்ததே இல்லப்பா. கேதத்துக்குப் போற வீட்டுல கேட்டுப் பாரு, எல்லாம் வாயுதான். நெஞ்சுல அடைச்சா வாயு, முதுகுல பிடிச்சா வாயு, தாடை வலிச்சாலும் வாயு தலைக்கேறிடுச்சு. பெருங்காயம், சோடா, ஜெலுசில்னு மூணு வைத்தியத்தையும் முடிச்சிட்டு, கடைசியாத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறது. அதுக்குள்ள பாதி இதயம் போயிருக்கும். ஏப்பம் யாருக்கும் வரும், மாரடைப்பு வந்தவனுக்கும் வரும். ஏப்பம் வந்ததால மாரடைப்பு இல்லன்னு எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது.

டீக்கடைக்கு நாலு வீடு தாண்டணும். அதுக்குள்ள ரெண்டு இடத்துல நின்னார். வேலியைப் பிடிச்சுக்கிட்டு, யாரையோ எதிர்பார்க்கிறவர் மாதிரி பாவனை. நான் போய்க் கையைப் பிடிச்சேன். சில்லுன்னு இருந்துச்சு, பிசுபிசுன்னு வேர்வை. மார்கழிக் குளிருல சட்டை முதுகோட ஒட்டியிருந்துச்சு. நாடி எத்தனைன்னு நினைக்கிற? 64. உன் கடிகாரத்தை அவருக்குக் கட்டியிருந்தா, ஆகா என்ன அருமையான இதயம்னு பாராட்டுப் பத்திரமே வாசிச்சிருக்கும்.

எங்கே வலிக்குதுன்னேன். நீ நேத்து ஒத்தை விரலை நீட்டி, இந்தா இந்த இடம்னு காட்டின. அந்த இடத்தை நான் அமுக்கினப்ப அலறின. அமுக்கினா வலிக்கிறது, இருமினா குத்துறது, ரெண்டு செகண்டு சுருக்குன்னு வந்து போறது இதெல்லாம் இருமி இருமிப் புண்ணான விலாத்தசையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவர் விரலை நீட்டல. உள்ளங்கையை விரிச்சு நெஞ்சுக்குழியில வச்சார். வலி இல்ல, ஒரு மாதிரி கனமா இருக்குன்னார். தாடையும் ஒரு பக்கம் இழுக்குதுன்னார். உட்கார்ந்தா தேவலை, நடந்தா கூடுதுன்னார். இதுக்கு மேல யாராச்சும் கடுதாசி போட்டா சொல்லணும்?

சக்கரை முத்தினவங்களுக்கு வலியைச் சொல்ற நரம்பே மங்கிப் போயிருக்கும். அதனால நெஞ்சுவலின்னு வராது. மூச்சு வாங்கும், வேர்க்கும், குமட்டும், காரணமில்லாம அசந்து போகும். உன் அப்பத்தா மாதிரி வயசான பொம்பளைகளுக்கும் அப்படித்தான் பல நேரம். அவளுக சொல்லவும் மாட்டாளுக, சோறு வடிச்சிட்டுத்தான் சாய்வாளுக.

அவர் தம்பி ஓடிவந்து, எங்க வீட்டுல சார்பிட்ரேட் இருக்கு, நாக்குக்கு அடியில வச்சிடலாம்னார். நான் விடல. அது அவருக்கு எழுதிக் குடுத்த மாத்திரை இல்ல. இதயத்தோட அடிச்சுவர் வயித்துக்கு மேல உதரவிதானத்துல சாஞ்சிருக்கு, அங்க அடைப்பு வந்தா இப்படி வயிறு மாதிரி வேஷம் போடும், குமட்டும், நாடியும் குறையும். அந்த வகையில சிலருக்கு சார்பிட்ரேட் வச்சா ரத்த அழுத்தம் மடமடன்னு விழுந்து ஆளே விழுந்துடுவார். ஆஸ்பிரினும் அப்படித்தான். மாரடைப்புக்கு அது அமிர்தம், ஆனா காய்ச்சல் டெங்குவா இருந்துட்டா ரத்தக்கசிவுக்குக் கதவைத் திறந்துவிடும். கேட்டுக்கிட்டுக் குடுக்கிறதுதான் மரியாதை.

108-க்குப் போன் போட்டோம். பைக்குல நடுவுல உட்கார வச்சுக் கூட்டிப் போறேன்னு ஒரு வீரன் வந்தான், அவனையும் அடக்கினோம். ஆரம்ப சுகாதார நிலையத்துல ஈசிஜி எடுத்தாங்க, அடிச்சுவர் அடைப்புதான். 2023-ல தமிழ்நாட்டு அரசு 'இதயம் காப்போம்'னு ஒரு திட்டம் கொண்டாந்துச்சே, அதுப்படி மொத வேளை மாத்திரைகளை அங்கேயே குடுத்துட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டாங்க. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாட்டின். அங்க ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சாங்க. இப்ப மறுபடி பால் ஊத்துறார். பீடியை விட்டுட்டாராம். என் கண்ணுக்கு முன்னால விட்டுட்டார், அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

அவருக்கு அந்தக் காய்ச்சல் வாரத்துலயே ஏன் வந்துச்சுங்கிற? அது தற்செயல்னு நினைச்சுடாதே. கனடாவுல ஒண்டாரியோங்கிற மாகாணத்துல ஃப்ளூ காய்ச்சல்னு பரிசோதனையில உறுதியானவங்களைப் பத்தி ஒரு ஆய்வு பண்ணி 2018-ல வெளியிட்டாங்க. காய்ச்சல் வந்த மொத ஏழு நாள்ல மாரடைப்பு வர்ற வாய்ப்பு மத்த நாளைவிட ஆறு மடங்கு கூடியிருந்துச்சு. காய்ச்சல்ல உடம்பு கொதிக்கும், ரத்தம் உறையுற தன்மை கூடும், இதயத்துக்கு வேலையும் கூடும். குழாய்ல ஏற்கெனவே கொழுப்பு படிஞ்சு கிடந்தா அது வெடிச்சு அடைக்க அந்த வாரம் தோதான வாரம். உன் மாதிரி 26 வயசுக் குழாய்ல அந்தப் படிவு இருக்கிறது அரிது. அவர் மாதிரி ஆளுக்கு, காய்ச்சல்ல நெஞ்சு கனத்தா "காய்ச்சல்ல எல்லாருக்கும் அப்படித்தான்"னு சொல்றவன் வாயில சோடா மூடியை வச்சு அடைக்கணும். வயசானவங்களும் சக்கரைக்காரங்களும் வருசத்துக்கு ஒரு ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கிறதும் அதனாலதான்.

ஆக, கூப்பாடு போட்ட 128-க்கு ஒண்ணுமில்ல, கமுக்கமா இருந்த 64-க்குக் குழாய் அடைச்சிருந்துச்சு. அதுக்காக, பயந்து கத்துறவனுக்கு மாரடைப்பே வராதுன்னு யாரும் சாசனம் எழுதிக் குடுக்கல. அரைமணியா மூச்சைச் சீராக்கியும் கனம் போகலன்னா, குளிர்ந்த வேர்வை வந்தா, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினா, மயக்கம் வந்தா, அப்ப அது பயமா நிசமான்னு பட்டிமன்றம் வைக்காதே. வேர்வையும் பரவலும் மயக்கமும் இருக்கிற இடத்துல அரைமணி கூடக் காத்திருக்கக் கூடாது. மாடிப்படி ஏறிப் பார்த்து சோதிக்கிறேன்னும் கிளம்பாதே, சோதனை பாஸாகாமப் போனா மார்க் பார்க்க நீ இருக்க மாட்ட. ஆஸ்பத்திரியிலயும் மொத ஈசிஜி சரியா இருக்குன்னு சட்டையை மாட்டிக்கிட்டு ஓடி வந்துடக் கூடாது. சிலருக்கு மொத ஈசிஜியில தெரியாது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுப்பாங்க, ட்ரோபோனின்னு ஒரு ரத்தப் பரிசோதனை பார்ப்பாங்க, அது ஏற சில மணி நேரம் ஆகும். இருன்னு சொன்னா இரு.

போயிட்டு ஒண்ணுமில்லன்னு திருப்பி அனுப்பிட்டா ஊர் சிரிக்கும்னு யோசிப்ப. சிரிக்கும், மொதல்ல நான்தான் சிரிப்பேன், அதைப் பார்த்துக்கலாம். 108 வண்டிக்குக் காசு கிடையாது பேராண்டி. வாயுன்னு சொல்லித் திருப்பி அனுப்பினாலும் கிடையாது.